பழைய பாதை, புதிய கால்கள்

வீடியோ கேமில் வலப்பக்கம் போனால் முன்னேறுகிறோம் என்று அர்த்தம். 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஒரு தலைமுறைக்கே இதைப் பழக்கிவிட்டது. அதில் திரை இடப்பக்கம் நகரவே நகராது. தாண்டி வந்த இடத்துக்கு மறுபடி போக வழியே கிடையாது.

அடுத்த ஆண்டே அதே நின்டென்டோ நிறுவனம் ‘மெட்ராய்டு’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. சாமஸ் என்ற விண்வெளி வேட்டைக்காரி ஒரு குகையில் நிற்கிறாள். பழக்க தோஷத்தில் வலப்பக்கம் ஓடினால், கொஞ்ச தூரத்தில் முழங்கால் உயரப் பொந்து ஒன்று வழியை மறிக்கிறது. அவளால் குனியவும் முடியாது, தவழவும் முடியாது. வேறு வழியில்லாமல் திரும்பி, தொடங்கிய இடத்தையும் தாண்டி இடப்பக்கம் போனால் அங்கே ஓர் உருண்டை இருக்கிறது. மார்ஃப் பால் என்று பெயர். எடுத்துக்கொண்டால் சாமஸ் சுருண்டு பந்தாக உருளுவாள். இப்போது அதே பொந்துக்குப் போனால் நுழைந்துவிடலாம்.

ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற இந்தச் சின்ன அலைச்சல்தான் ஒரு முழு வகைமைக்கே விதை. பின்னால் 1997-ல் கொனாமியின் ‘காசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட்’ வந்து இதே பாணியைப் பெரிய அளவில் எடுத்தாண்டதும், இரண்டு பெயரையும் ஒட்டி ‘மெட்ராய்ட்வேனியா’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். இலக்கணம் எளிது. ஒரே பெரிய வரைபடம், தனித்தனி லெவல்கள் கிடையாது. பல வழிகள் அடைத்திருக்கும். புதிய திறன் ஒன்று கிடைத்ததும் முன்பு திறக்காத வழி திறக்கும். அதனால் ஆடுகிறவர் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும்.

சிக்கலும் அங்கேதான். ஏற்கெனவே பார்த்த அறைகளை மறுபடி கடக்கச் சொல்லும்போது, அது வீட்டுக்கு வந்தபிறகு புளி வாங்க மறந்தது நினைவுக்கு வந்து மளிகைக் கடைக்குத் திரும்ப ஓடுவதுபோல ஆகிவிடலாம். எத்தனையோ ஆட்டங்கள் அப்படித்தான் ஆகியிருக்கின்றன. ஆனால் சில ஆட்டங்களில் அந்தத் திரும்புதல்தான் மொத்த ஆட்டத்திலேயே இனிக்கிற பகுதி. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்று பார்க்க, 1994-ல் வந்த ‘சூப்பர் மெட்ராய்டு’ போல உதவுகிற ஆட்டம் வேறில்லை. யோஷியோ சகமோட்டோ இயக்கியது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் அதைப் பிரித்துப் பிரித்துப் படிக்கிறார்கள்.

அதன் தொடக்கமே ஒரு திரும்புதல். செபெஸ் என்ற கிரகத்தில் மழைக்கு நடுவே சாமஸின் கப்பல் இறங்குகிறது. இடப்பக்கம் போய், ஒரு நீண்ட கிணறு போன்ற சுரங்கத்தில் இறங்கினால், முதல் ஆட்டத்தின் இறுதிச் சண்டை நடந்த இடம் இடிபாடாகக் கிடக்கிறது. அதையும் தாண்டி லிஃப்டில் கீழே போகிறோம். வழி நெடுகிலும் ஓர் எதிரிகூட இல்லை. அடியில், 1986-ல் இருந்த அதே மாதிரி, மார்ஃப் பால் இடப்பக்கம் காத்திருக்கிறது. அதை எடுத்து, பக்கத்துப் பொந்தில் உருண்டு போனால் ஐந்து ஏவுகணைகள் கொண்ட பொதி ஒன்று கிடைக்கும்.

இப்போது மேலே ஏற வேண்டும். போன அதே அறைகள்தான், அதே கற்கள்தான். ஆனால் இசை மாறியிருக்கிறது; காலியாகக் கிடந்த அறையில் கொள்ளையர்கள் சுவரில் தொற்றிக்கொண்டு சுடுகிறார்கள். நிதானமாக இறங்கி வந்த கிணற்றில், இப்போது சுட்டுக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனால், முன்பு சுட்டும் திறக்காத சிவப்புக் கதவு ஒன்று இருக்கிறது. சிவப்புக் கதவு திறக்க ஐந்து ஏவுகணைகள் வேண்டும். கையில் இருப்பது சரியாக ஐந்து. உள்ளே போனால் வெடிகுண்டு கிடைக்கிறது. அதைக் கையில் வைத்திருந்த சிலை உயிர்பெற்று அடிக்க வருகிறது என்பது தனிக் கதை. அந்த வெடிகுண்டை வைத்து, பக்கத்துக் கூடத்தில் ஏற்கெனவே கடந்துபோன ஒரு சுவரை உடைத்தால் அடுத்த பகுதிக்கு வழி.

கணக்குப் பார்த்தால், இந்தப் பகுதிக்கு வரைந்தவை சில அறைகள்தான். ஒருமுறை அமைதிக்கு, ஒருமுறை சண்டைக்கு என்று அவற்றை இரண்டு தடவை பயன்படுத்தியிருக்கிறார்கள். கார்ட்ரிட்ஜில் இடம் அரிதாக இருந்த காலம் அது. சிக்கனம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஆடுகிறவருக்கு அது சிக்கனமாகத் தெரியவில்லை. ‘நான் எதையோ எடுத்ததால் இந்த இடம் விழித்துக்கொண்டது’ என்றுதான் தோன்றுகிறது.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் இதைவிட நேர்த்தியான ஓர் இடம் உண்டு. அதை நிதானமாகப் பார்ப்போம்.

ஆட்டத்தின் முதல் பாதியில், சிவப்புப் பாறைகள் கொண்ட ஓர் உயரமான கோபுரத்துக்குள் வருகிறோம். மேலே ஏறப் போதுமான தாவல் இன்னும் இல்லாததால், பெரும்பாலானோர் கீழே இறங்கிவிடுவார்கள். கோபுரத்தின் அடியிலிருந்து கிழக்கே போனால் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நடக்க வேண்டும். குழாய்க்கு வெளியே தண்ணீர். மரிடியா என்ற நீர்ப்பகுதி அது. பார்க்கலாம், போக முடியாது. குழாயைத் தாண்டினால் ஒரு லிஃப்ட் அறை. அங்கே தலைக்கு மேல் ஒரு திண்டு தெரிகிறது. எம்பிப் பார்த்தால் எட்டாது. சரி என்று லிஃப்டில் இறங்குகிறோம்.

கீழே நார்ஃபேர் என்ற எரிமலைப் பகுதி. அங்கிருக்கும் சில கதவுகளைத் திறந்து உள்ளே கால் வைத்தாலே சூட்டில் உயிர் மளமளவென்று குறைகிறது. ஓடி வெளியே வந்துவிடுவோம். சூடு இல்லாத பக்கமாகத் தேடினால் ஹை-ஜம்ப் பூட்ஸ் கிடைக்கிறது. அதைப் போட்டால் கூடுதல் உயரம் தாவலாம். இதற்குள் எல்லோருக்கும் லிஃப்ட் அறையின் திண்டு நினைவுக்கு வந்துவிடும், பார்த்துச் சில நிமிடங்கள்தானே ஆகிறது! மேலே வந்து தாவுகிறோம். அந்த வழி கிரெய்டு என்ற ராட்சதனிடம் கொண்டுபோகிறது. அவனை வென்ற கையோடு கிடைப்பது வேரியா சூட். அதைப் போட்டால் சூடு தாக்காது. உடனே, ஓடி வெளியே வந்தோமே, அந்தக் கதவுகள் நினைவுக்கு வருகின்றன. அதே லிஃப்டில் மறுபடி கீழே. இந்தமுறை அந்த நெருப்பு அறைகளுக்குள் சாவகாசமாக நடந்துபோய், வேகமாக ஓடும் திறனையும் எதிரிகளை உறையவைக்கும் ஐஸ் பீமையும் எடுத்துக்கொண்டு வருகிறோம். ஐஸ் பீம் இருந்தால், ஏற முடியாதிருந்த சிவப்புக் கோபுரத்தில் பறந்துகொண்டிருக்கும் பூச்சிகளை உறையவைத்துப் படிக்கட்டாக்கி ஏறிவிடலாம். மேலே பவர் பாம் கிடைக்கிறது.

அந்தக் கண்ணாடிக் குழாய்? அதற்குள் பலமுறை போய்வந்திருப்போம். பவர் பாமை அதன் நடுவில் வைத்தால் குழாய் விரிசல்விட்டு உடைந்து, வெளியே இருந்த நீர்ப்பகுதி முழுவதும் திறந்துவிடும். கதவு என்று நினைக்காத ஒன்று இத்தனை நேரமும் கதவாக இருந்திருக்கிறது. இதை ஆட்டம் வெளிப்படையாகச் சொல்லித் தருவதில்லை. பலர் இங்கே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டதும் உண்டு. என்னைக் கேட்டால் இன்னும் தெளிவாகக் குறிப்புக் காட்டியிருக்கலாம். ஆனால் தானாகக் கண்டுபிடித்தவர்கள் அந்தக் கணத்தை மறப்பதில்லை.

இந்தக் கோபுரம், குழாய், லிஃப்ட் ஆகிய மூன்றையும் சுற்றிச் சுற்றித்தான் ஆட்டத்தின் ஒரு பெரும் பகுதி நடக்கிறது. ஆனாலும் அலுப்புத் தட்டுவதில்லை. ஒவ்வொரு முறை அந்த லிஃப்ட் அறைக்கு வரும்போதும் நாம் கேட்கும் கேள்வி வேறு. முதல் தடவை, ‘அந்தத் திண்டில் என்ன இருக்கும்?’ இரண்டாம் தடவை, ‘இப்போது எட்டுமா?’ மூன்றாம் தடவை, ‘கீழே அந்தச் சூடு இனி என்ன செய்யும்?’ இன்னொன்று, கிடைக்கும் திறன்களில் எதுவும் வெறும் சாவி இல்லை. ஹை-ஜம்ப் பூட்ஸ் அந்த ஒரு திண்டுக்கு மட்டும் உதவுவதில்லை; அதன்பின் ஆட்டத்தின் கடைசி வரை ஒவ்வொரு தாவலும் மாறிவிடுகிறது. ஒரு கதவை மட்டும் திறக்கிற சாவி அட்டையைக் கொடுத்திருந்தால், இதே பயணம் புளி வாங்கப் போகிற வேலையாகத்தான் முடிந்திருக்கும்.

சரி, இதை நாமே வரைவதென்றால் எப்படி? கணிப்பொறியைத் திறக்கும் முன் ஒரு கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வட்டம், வழிக்கு ஒரு கோடு, அடைத்த வழிக்கு வண்ணக் கோடு. திறன் கிடைக்கும் வட்டத்துக்கும் அதே வண்ணம். 

ஓர் எடுத்துக்காட்டு. நடுவில் ஒரு கூடம். அதன் மேல்பக்கம் எட்டாத உயரத்தில் ஒரு வாசல். கூடத்திலிருந்து கிழக்கே வரிசையாக ஆறு அறைகள். ஆறாவது அறையில் இரட்டைத் தாவல், அதாவது காற்றிலேயே இன்னொரு முறை எம்பும் திறன். எதிரிகளைச் சமாளித்துக்கொண்டு போனால் அறைக்கு 40 விநாடி என்று வைத்துக்கொள்வோம். போக 4 நிமிடம். திரும்பும்போது வழி தெரியும் என்பதால் அறைக்கு 20 விநாடி. ஆறு அறைக்கு 2 நிமிடம். கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் இந்த 120 விநாடியில் ஆடுகிறவர் புதிதாக எதையும் பார்ப்பதில்லை, எதையும் முடிவு செய்வதில்லை. புதுத் திறன் கையில் கிடைத்த உற்சாகம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அதைக் கொண்டுபோய் வெறும் நடையில் கரைக்கிறோம்.

முதலில் தோன்றும் வைத்தியம், ஆறாவது அறையிலிருந்து கூடத்துக்கு நேராக ஒரு குறுக்கு வழி வைப்பது. நடை 20 விநாடியாகக் குறைந்துவிடும். குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த ஆறு அறைகளையும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிந்துவிட்டோம். புதுத் தாவலைச் சோதித்துப் பார்க்கவும் இடமில்லை.

வேறு மாதிரி செய்து பார்க்கலாம். ஆறாவது அறையின் தரை, உள்ளே நுழைந்ததும் சரிந்து ஆடுகிறவரைப் பள்ளத்தில் விடட்டும். பள்ளத்திலிருந்து வெளியே வர இரட்டைத் தாவல்தான் ஒரே வழி. எடுத்த உடனே பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் விளக்கமே தேவையில்லை. ஏறினால் வந்த வாசல் தெரியாது. ஏழாவது அறை என்ற புதிய அறை, நான்காம் ஐந்தாம் அறைகளின் தலைக்கு மேலாக மேற்கே போகிறது. அது புது இடம் என்பதால் கடக்க 40 விநாடி. அதன் கடைசியில் ஒரு பலகையைத் தள்ளிவிட்டு இறங்கினால், அட, இது மூன்றாவது அறை! அந்தப் பலகை இனித் திறந்தே இருக்கும். மூன்றாவது அறையில் முன்பு பார்த்துவிட்டு எட்டாமல் விட்ட ஒரு மாடத்தில் உயிரைக் கூட்டும் பொருள் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு போக 20 விநாடி. பிறகு இரண்டு, ஒன்று என்று பழைய அறைகள் இரண்டு, 40 விநாடி. கூடம் வந்துவிட்டது.

மொத்தம் கூட்டிப் பாருங்கள். 40, 20, 40. ஆக 100 விநாடி. முன்பு 120. நடையின் நீளம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் புதிதாக எதுவுமே இல்லாமல் தொடர்ந்து நடக்கும் நேரம் 120-லிருந்து 40-ஆக இறங்கிவிட்டது. அலுப்பை அளக்க வேண்டுமானால் மொத்தத் தூரத்தை விட்டுவிட்டு இந்த எண்ணை அளக்க வேண்டும் என்பது என் கட்சி. திறன் கிடைத்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் அது திறக்கும் முதல் வாசல்வரை நோட்டில் விரலை ஓட்டி, இடையில் எங்கெல்லாம் விரல் எதுவும் இல்லாமல் நகர்கிறது என்று பார்த்தாலே பாதிச் சிக்கல் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. விழுந்தால் ஏற முடியாத பள்ளம் வைக்கும் ஒவ்வொரு முறையும், விழும் நேரத்தில் ஆடுகிறவர் கையில் குறைந்தபட்சம் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன பள்ளத்திலேயே திறன் கிடப்பதால் பிரச்சினை இல்லை. அதுவே இரண்டு அறை தள்ளி இருந்து, நடுவில் இன்னொரு திறன் வேண்டிய கதவு இருந்துவிட்டால் ஆட்டம் முடங்கிப்போகும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அங்கேயே சேமித்துவிட்டார் என்றால் மறுபடி முதலிலிருந்துதான். பத்து மணி நேரம் ஆடியவருக்கு அதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

இனி பூட்டைப் பற்றி. திரும்பி வருவதில் சுகம் வேண்டுமென்றால் முதல் தடவை அந்தப் பூட்டு மனதில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு அது பூட்டு என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். சாதாரணத் தாவலில் 3 கட்ட உயரம் எட்டும், இரட்டைத் தாவலில் 6 எட்டும் என்றால், திண்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது? 4 கட்டத்தில் வைத்தால், விரல்நுனி இடிக்கிற மாதிரி ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் தவறும். ஆடுகிறவர் தனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்து ஐந்து நிமிடம் குதித்துக்கொண்டே இருப்பார். பிறகு வெறுத்துப்போவார். 5 கட்டத்தில் வைத்து, விளிம்பைக் கொஞ்சம் வெளியே நீட்டிவிட்டால், ஒரு தடவை எம்பிப் பார்த்துவிட்டு ‘இப்போதைக்கு இல்லை’ என்று போய்விடுவார். இந்த ஒரு கட்டம்தான் ஆவலையும் எரிச்சலையும் பிரிக்கிறது.

பதிந்தாலும் மறந்துபோகும். ஒரே மூச்சில் ஆடுபவர்கள் குறைவு. வேலைக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் தொடர்பவர்களே அதிகம். போன ஞாயிறு பார்த்த திண்டு இந்த ஞாயிறு நினைவிருக்காது. ‘சூப்பர் மெட்ராய்டு’ போன அறைகளைத் தானாகவே குறித்துக்கொள்ளும் வரைபடத்தைக் கொடுத்தது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்ற சின்னக் குழு உருவாக்கிய ‘ஹாலோ நைட்’ இதையே ஓர் அனுபவமாக மாற்றியது. அதில் வரைபடம் சும்மா கிடைக்காது. கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் ஒவ்வொரு பகுதியிலும் எங்கோ உட்கார்ந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பார். சிதறிக் கிடக்கும் காகிதங்களைப் பார்த்து அவரைக் கண்டுபிடித்து வாங்க வேண்டும். அவர் தருவதும் அரைகுறைதான். மீதியை நாம் நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால்தான் அது வரைபடத்தில் ஏறும். அவருடைய மனைவி நடத்தும் கடையில் குண்டூசிகள் விற்கும். எட்டாத திண்டைப் பார்த்தால் அங்கே ஒரு குண்டூசி குத்திக்கொள்ளலாம். 2024-ல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்’ ஒரு படி மேலே போய், அந்த இடத்தைப் படம் பிடித்தே வரைபடத்தில் ஒட்டிக்கொள்ள விட்டது. எளிய யோசனை. முப்பது வருடம் ஒருவருக்கும் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

இதற்கு எல்லையும் உண்டு. திறன் கிடைத்ததும் திறக்கக்கூடிய எல்லா இடங்களையும் ஆட்டமே வரைபடத்தில் மின்னவைத்துக் காட்டினால், ஆடுகிறவர் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கத் தொடங்கிவிடுவார். குண்டூசியை அவரே குத்தினால் அது அவருடைய ஊகம். அங்கே திரும்பி வந்து ஊகம் சரியாக இருந்தால் கிடைக்கும் சந்தோஷம் மின்னும் புள்ளியில் கிடைக்காது.

அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கிலிருந்து கிழக்காகப் போவதற்கென்று வடிவமைத்த அறை, எதிர்த் திசையில் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். ஏறுவதற்குக் கடினமான கிணற்றில் இறங்குவதென்றால் வெறுமனே விழுந்தால் போதும். இதற்கு எதிரிகளை இரட்டிப்பாக்குவது மலிவான தீர்வு. நல்ல தீர்வு, ஒரே அறையில் இரண்டு பாதைகள் வைப்பது. கீழே எதிரிகள் மொய்க்கும் தரை, மேலே முன்பு எட்டாத ஒரு விதானப் பாதை. இரண்டாம் தடவை வரும்போது, போன தடவை உயிரைக் கொடுத்துக் கடந்த எதிரிகளின் தலைக்கு மேலாக மூன்றே விநாடியில் பறந்து போய்விடலாம். ‘ஹாலோ நைட்’டில் கிரிஸ்டல் ஹார்ட் என்ற திறன் இதைத்தான் செய்கிறது. நின்று சக்தியைத் திரட்டி விட்டால், சுவரில் மோதும்வரை நேர்கோட்டில் பாய்ந்துகொண்டே இருக்கும். வரைபடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் நேரம் அதே வேகத்தில் கூடுவதில்லை. தன் பலம் கூடியிருக்கிறது என்பதை எண்களைப் பார்க்காமல் கால்களாலேயே உணர்கிற இடம் இது.

வேறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2002-ல் வந்த ‘மெட்ராய்டு பிரைம்’ பல வகையிலும் அருமையான ஆட்டம். ஆனால் கடைசிப் பகுதிக்குள் நுழைய, உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் 12 தொல்பொருள்களைச் சேகரிக்க வேண்டும். போகிற போக்கில் சிலவற்றை எடுத்தவர்களுக்குப் பரவாயில்லை. மற்றவர்கள், கதை உச்சத்தை நெருங்கும் நேரத்தில் மொத்த கிரகத்தையும் இன்னொரு சுற்று வர வேண்டியிருந்தது. அதற்குள் எல்லாத் திறன்களும் கைக்கு வந்தாயிற்று. இனி எந்த அறையும் புதுக் கேள்வி கேட்கப் போவதில்லை. பொருள் எங்கே என்ற ஒரே கேள்விதான் பாக்கி. அலுத்துக்கொண்டவர்கள் பலர். தொல்பொருள்களின் இருப்பிடத்துக்கு ஆட்டம் குறிப்பு தரத்தான் செய்கிறது. ஆனால் குறிப்பு வழியைக் காட்டுமே தவிர, வழியைச் சுவையாக்காது.

சொந்தமாக ஆட்டம் செய்பவர்கள் இந்தக் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது? நாம் வரைந்த வரைபடம் நமக்கு மனப்பாடம் என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆட்டத்தை முன்பின் பார்க்காத ஒருவரை ஆடவிட்டு, பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். சண்டையில் அவர் சாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் எப்போதெல்லாம் வரைபடத்தைத் திறக்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புதுத் திறன் கிடைத்ததும் ஒருமுறை திறந்து, சட்டென்று ஒரு திசையில் ஓடினால் எல்லாம் நலம். பத்து விநாடிக்கு ஒருமுறை திறந்து மூடினால் அவருக்கு எந்தப் பூட்டும் நினைவில் இல்லை. வரைபடத்தையே திறக்காமல், வழியில் வரும் எதிரிகளை அடிக்காமல் தாவித் தாண்டிக்கொண்டு, விரலால் பொத்தானை அழுத்தியபடி கண்ணை வேறெங்கோ வைத்திருந்தால், அதுதான் நாம் நோட்டில் தேடிய வெற்று நடை. அந்த இடத்தில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இன்னோர் அறிகுறி, திறக்காத கதவு ஒன்றுக்கே அவர் திரும்பத் திரும்பப் போவது. புதிதாக எது கிடைத்தாலும் முதலில் அங்கே ஓடுவார், ஏமாந்து திரும்புவார். அந்தக் கதவு நல்ல கதவு; மனதில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. தவறு அதன் தோற்றத்தில். எந்தத் திறனுக்கு அது திறக்கும் என்பதை அது சொல்லவில்லை. ‘சூப்பர் மெட்ராய்டு’ கதவுகளுக்கு நிறம் கொடுத்தது இதற்காகத்தான். சிவப்புக்கு ஏவுகணை, பச்சைக்குச் சூப்பர் ஏவுகணை, மஞ்சளுக்குப் பவர் பாம். ஒருமுறை தெரிந்துவிட்டால் தேவையில்லாத அலைச்சல் பாதி குறைந்துவிடும்.

அலைச்சலை அடியோடு ஒழிக்கவும் ஒரு வழி உண்டு. 2021-ல் வந்த ‘மெட்ராய்டு டிரெட்’ அதைத்தான் பெருமளவு செய்தது. ஒரு பகுதிக்குள் போனதும் பின்னால் வழி அடைபடும். முன்னால் திறந்திருக்கும் இரண்டு மூன்று அறைகளில்தான் அடுத்த திறன் இருக்கும். வழி தெரியாமல் தவிப்பது அநேகமாக இல்லை. எங்கோ சுதந்திரமாகச் சுற்றுகிற மாதிரியே தோன்றும், உண்மையில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். வேகமான ஆட்டம் வேண்டுமென்றால் இது நல்ல வழி. ஆனால் நடுவில் ஒரு பழைய திண்டு நினைவுக்கு வந்து, ‘போய் எடுத்துவிட்டு வருவோமே’ என்று திரும்பினால் வழி மூடியிருக்கும். திரும்பிப் போக ஆசைப்பட்டவரை ஆட்டமே தடுக்கிறது. கடைசியில் எல்லாம் திறந்துவிடும்தான். அதற்குள் அந்த ஆசை ஆறிப்போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் ‘சிம்ஃபனி ஆஃப் தி நைட்’. அதில் டிராகுலாவின் கோட்டையை முழுவதும் சுற்றி முடித்து, சில விஷயங்களைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களுக்கு, அதே கோட்டை தலைகீழாக வானத்திலிருந்து தொங்கும். விதானம் தரையாகிவிடும், தரை விதானமாகிவிடும். எதிரிகள் வேறு, இசை வேறு. வரைபடம் 100 சதவீதத்தைத் தாண்டி 200.6 வரை போகும். வரைந்த அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது வாழ்க்கை கொடுத்த இந்தத் துணிச்சலை முதலில் பார்க்கும்போது வாய்பிளக்காதவர் கிடையாது. ஆனால் நேராக நிற்கும்போது தாவி ஏற வசதியாக இருந்த திண்டுகளும் படிகளும், கவிழ்த்தபின் பல இடங்களில் ஏறுவதற்கு லாயக்கில்லாமல் போய்விட்டன. அதற்குள் நாயகனுக்கு வௌவாலாக மாறிப் பறக்கும் திறன் வந்துவிட்டதால் வழி அடைபடுவதில்லை. ஆகவே பெரும்பாலானோர் தலைகீழ்க் கோட்டையின் அறைகளை நடந்து பார்ப்பதில்லை. வௌவாலாகி நேராகப் பறந்து கடந்துவிடுகிறார்கள்.